ஐந்தாம் தேதி தவணை, ஏழாம் தேதி சம்பளம்

பாடி மேம்பாலத்துக்குக் கீழே, லூகாஸ் நிறுத்தத்தில் காலை ஷிப்டுக்கு இறங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு மாதத்தில் இரண்டு தேதிகள் மனப்பாடம். ஒன்று சம்பளம் வரும் தேதி, மற்றொன்று டியூ போகும் தேதி. சம்பளப் பட்டுவாடாவுக்கான 1936ஆம் ஆண்டுச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனத்தில் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், அதற்கு மேற்பட்ட நிறுவனத்தில் 10ஆம் தேதிக்குள் சம்பளம் தர வேண்டும் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு மாதச் சம்பளத்துக்கு 7 என்ற கெடுவை வைத்திருக்கிறது. கடன் தரும் கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கோடு சம்பந்தமில்லை. வண்டிக் கடன், செல்போன் கடன் என்று பல தவணைகள் 5ஆம் தேதியே வங்கிக் கணக்கின் கதவைத் தட்டிவிடுகின்றன. இந்த இரண்டு நாள் இடைவெளியிலிருந்துதான் ஒருவருடைய சிபில் ஸ்கோரின் கதை பல நேரம் தொடங்குகிறது.

‘சிபில்’ என்பது இன்று ஒரு பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. 2000இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர் அது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இன்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நான்குக்குமே தகவல் அனுப்ப வேண்டும். நான்கும் 300 முதல் 900 வரையான எண்ணைத் தருகின்றன. ஒரே ஆளுக்கு நான்கு இடத்தில் நான்கு எண் வருவது வழக்கம்தான். தகவல் ஏறக்குறைய ஒன்று, சமையல் ஆளுக்கு ஆள் வேறு.

அந்த எண் எதைச் சொல்கிறது? ஆள் நல்லவரா, வசதியானவரா என்பதையெல்லாம் அது சொல்வதில்லை. இவர் அடுத்த ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு கடனில் 90 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக்கூடிய வாய்ப்பு எவ்வளவு என்ற ஊகம்தான் அது. செய்முறையும் புரியாத மந்திரமில்லை. பழைய கடனாளிகளின் பெருங்கூட்டத்தை ஒரு குறிப்பிட்ட தேதியில் எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் கணக்கு எப்படி இருந்தது, அதற்கடுத்த ஓராண்டில் யார் கவிழ்ந்தார்கள் என்று ஒப்பிடுகிறார்கள். கவிழ்ந்தவர்களிடம் முன்கூட்டியே எந்த அடையாளங்கள் மிகுதியாகத் தெரிந்தனவோ, அந்த அடையாளங்கள் உள்ள புதியவருக்குப் புள்ளி குறையும். எந்த அடையாளத்துக்கு எத்தனை புள்ளி என்பது தொழில் ரகசியம். அமெரிக்காவின் ஃபைகோ நிறுவனம் மட்டும், கட்டிய வரலாற்றுக்கு ஏறத்தாழ 35 சதவீதமும் பாக்கியின் அளவுக்கு 30 சதவீதமும் எடை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. இந்திய நிறுவனங்களும் இதே இரண்டைத்தான் முதன்மையாகச் சொல்கின்றன. “ஒரு டியூ விட்டால் இத்தனை புள்ளி போகும்” என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி ஒரு விலைப்பட்டியல் வெளியில் கிடையாது.

சம்பளம், சேமிப்பு, வைப்புநிதி, சொந்த வீடு எதுவும் அந்த அறிக்கையில் கணக்கில் வராது. ஏலச்சீட்டு வராது. சந்தையில் தண்டல் வாங்கிப் பத்து வருடம் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியவருக்கு அங்கே ஒரு வரிகூட இராது; அவருடைய ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் `-1` என்று நிற்கும். வரலாறு இல்லை என்று அதற்குப் பொருள். ஆனால் செல்போன் செயலியில் விளையாட்டாக எடுத்த மூவாயிரம் ரூபாய்க் கடன் தனிக் கணக்காக ஏறிவிடும். நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் ஏறும். இந்த அறிக்கைக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

இனி ஒரு கணக்கை நெருங்கிப் பார்ப்போம். ஆள் கற்பனை, கணக்கு முறை நிஜம். பாடியை ஒட்டிய ஒரு சிறு பட்டறையில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறவர். மாதச் சம்பளம் 7ஆம் தேதி. 2024 ஜூனில் மூன்று வருடத் தவணையில் பைக் வாங்கினார். தவணை 3,240 ரூபாய், தேதி 5. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள ஒப்புதல் கொடுத்திருக்கிறார்.

5ஆம் தேதி கணக்கில் பணம் இல்லை, பவுன்ஸ் ஆகிறது. வங்கி ஒரு அபராதம் பிடிக்கிறது, கடன் கம்பெனி இன்னொன்று போடுகிறது. 8ஆம் தேதி இவர் யு.பி.ஐ.யில் தவணையைக் கட்டிவிடுகிறார். மாதாமாதம் இதே கதை. அபராதத்துக்குப் பணம் வீணாகிறதே தவிர, அறிக்கையில் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. காரணம், கடன் கம்பெனி தினமும் தகவல் அனுப்புவதில்லை. குறிப்பிட்ட தேதியில் கணக்கு எப்படி இருக்கிறது என்ற புகைப்படத்தைத்தான் அனுப்புகிறது. பல ஆண்டுகள் அது மாதக் கடைசிப் படமாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி அதை மாதம் இரு முறையாக்கியது: 15ஆம் தேதி ஒன்று, மாதக் கடைசி நாள் ஒன்று. முன்பு 5ஆம் தேதித் தவணையை 20ஆம் தேதி கட்டியவர் படத்தில் சிக்காமல் தப்பினார். இரு முறை என்றானதும் 15ஆம் தேதிப் படத்தில் அவர் பத்து நாள் பாக்கியோடு நின்றார். படம் எடுக்கும் இடைவெளி குறையக் குறைய, “எப்படியும் மாசத்துக்குள்ள கட்டிடுவேன்” என்ற சமாதானம் செல்லாது.

நம் மெஷின்காரருக்கு 2025 மார்ச்சில் சம்பளம் வேறு செலவில் கரைந்துவிட்டது. அந்த ஒரு தவணையை விட்டுவிட்டார். ஏப்ரலிலிருந்து மறுபடி ஒழுங்காக மாதம் ஒரு தவணை, 8ஆம் தேதி. கடைசியில் ஒரு தவணை கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அக்டோபரில் தீபாவளி போனஸ் வந்ததும் இரண்டு தவணையாகக் கட்டி நேர்செய்தார். தன் கணக்கில் தவறு ஒன்றே ஒன்று என்று உறுதியாக நம்புகிறார். அறிக்கையில் அந்தக் கடனுக்குக் கீழே உள்ள மாதக்கட்டங்கள் வேறு சொல்கின்றன:

```
02-25  03-25  04-25  05-25  06-25
000    026    025    026    025
07-25  08-25  09-25  10-25
026    026    025    000
```

கட்டத்துக்குள் இருக்கும் எண் ரூபாயைக் குறிக்கவில்லை. தவணை தேதி கடந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் அது. மார்ச் 5ஆம் தேதித் தவணை மார்ச் 31 அன்று 26 நாள் பழையது. ஏப்ரல் 8இல் இவர் கட்டிய பணத்தைக் கம்பெனி ஏப்ரல் தவணையாக வரவு வைக்கவில்லை; பழைய பாக்கிதான் முதலில் கழியும். ஆக மார்ச் தவணை தீர்ந்தது, ஏப்ரல் தவணை பாக்கியானது. ஏப்ரல் 30 அன்று அது 25 நாள் பழையது. மே மாதப் பணம் ஏப்ரலுக்கு, ஜூன் பணம் மேக்கு என்று கைமாறிக்கொண்டே போனது. ஒரு தவறு ஏழு கட்டங்களில் கறையாகிவிட்டது. எண்ணைப் பார்க்கும் வங்கி அதிகாரிக்கு இவர் ஒரு முறை தவறியவராகத் தெரியமாட்டார். ஏழு மாதம் தொடர்ந்து தாமதமாகக் கட்டியவராகத்தான் தெரிவார். பாக்கி வைத்தவர்களிடம் நான் சொல்லக்கூடியது இதுதான்: விட்ட தவணையை அடுத்த மாதமே இரண்டாகக் கட்டிவிட்டால் கறை ஒரே கட்டத்தோடு நிற்கும். வண்டிக் கடனில் “கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்பதைவிட விலை கூடிய சொல் இல்லை.

இதே மனிதர் ஏப்ரலிலிருந்தும் எதுவுமே கட்டாமல் விட்டிருந்தால் எண் ஏறிக்கொண்டே போயிருக்கும். ஏப்ரல் கடைசியில் 56, மே கடைசியில் 87. ஜூன் 3 அன்று 90 நாள் நிறைகிறது. அதைத் தாண்டினால் வாராக்கடன். அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு ஒரு தவணை, இரண்டு தவணை என்று கட்டி மீள முடியாது. மொத்த நிலுவையும் தீர்ந்தால்தான் கணக்கு மறுபடி சீரான பட்டியலுக்கு வரும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியது. ஸ்கோர் எதை ஊகிக்க முயல்கிறதோ அந்த விபத்தே இந்த 90 நாள் கோடுதான். அதனால்தான் அறுபதைத் தாண்டிய எண்கள் இருபதுகளைவிட மிகக் கனமாக விழுகின்றன.

ரூபாயை எண்ணாமல் நாளை எண்ணும் இந்தப் பழக்கத்தால் ஒரு வேடிக்கையான அநியாயமும் நடக்கிறது. ஷாப்பிங் மாலில் யாரோ வற்புறுத்தி வாங்கவைத்த கிரெடிட் கார்டு, ஒரு முறைகூடத் தேய்க்காமல் அலமாரியில் கிடக்கிறது. இரண்டாம் வருடம் ஆண்டுக் கட்டணம் 500, ஜி.எஸ்.டி.யோடு 590 ரூபாய் ஏறுகிறது. ஸ்டேட்மென்ட் பழைய மின்னஞ்சலுக்குப் போகிறது. யாரும் கட்டவில்லை. நாலு மாதத்தில் அந்த 590 ரூபாய், அறிக்கைக் கட்டத்தில் நூறு நாள் பாக்கியாக நிற்கும். ஐந்து லட்சம் பாக்கி வைத்தவருடைய கட்டத்திலும் இதே எண்தான் இருக்கும். தொகைக்கான இடம் வேறு பத்தியில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நாள் எண்ணிக்கைதான் முதலில் கண்ணில் குத்துகிறது.

கார்டில் மட்டும் ஒரு சிறு சலுகை உண்டு. கெடு தேதி கடந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் கார்டு நிறுவனம் அதைத் தாமதம் என்று தகவல் நிறுவனத்துக்கு அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு கார்டு விதிகள் சொல்கின்றன. ஆனால் நாலாம் நாள் எண்ணத் தொடங்கும்போது ஒன்றிலிருந்து எண்ணுவதில்லை, கெடு தேதியிலிருந்தே எண்ணுகிறார்கள். வண்டிக் கடனுக்கு இந்த மூன்று நாள் விதி இல்லை.

கார்டு இன்னொரு வழியாகவும் ஸ்கோரை இழுக்கும். இது ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்குத்தான் அதிர்ச்சி தரும். நம் மெஷின்காரரிடம் 60,000 ரூபாய் லிமிட் உள்ள கார்டு ஒன்று இருக்கிறது. மாதம் 12ஆம் தேதி ஸ்டேட்மென்ட், அடுத்த மாதம் 1ஆம் தேதி கெடு. ஜூன் தொடக்கத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், புத்தகம், வண்டி இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 42,000 தேய்த்தார். ஜூலை 1ஆம் தேதி சீட்டு எடுத்த பணத்தில் மொத்தத்தையும் கட்டினார். ஒரு ரூபாய் வட்டியில்லை, ஒரு நாள் தாமதமில்லை. ஆனால் ஜூன் 15ஆம் தேதிப் படத்திலும் ஜூன் 30ஆம் தேதிப் படத்திலும் பாக்கி 42,000, லிமிட் 60,000. அதாவது லிமிட்டில் 70 சதவீதம் தீர்ந்துவிட்டது. ஜூலை 1இல் கட்டப்போகிறார் என்பது ஜூன் 30 அன்று எடுத்த படத்துக்கு எப்படித் தெரியும்?

இதில் நியாயம் இருக்கிறதா என்றால், கூட்டத்தைப் பொறுத்தவரை இருக்கிறது. கவிழ்ந்தவர்களின் பழைய கணக்குகளைப் புரட்டினால், கவிழ்வதற்கு முந்தைய மாதங்களில் லிமிட்டின் விளிம்புவரை தேய்த்தவர்கள் மிகுதி. கையில் பணம் வற்றும்போது மனிதன் முதலில் நாடுவது கார்டைத்தான். பள்ளிக் கட்டணத்துக்காக ஒரே மாதம் தேய்த்தவரும், மளிகைக்கும் மருந்துக்கும் வேறு வழியின்றித் தேய்த்தவரும் அந்த ஒரு படத்தில் ஒரே மாதிரி நிற்கிறார்கள். இப்போதைய சில மாதிரிகள் பல மாதப் போக்கையும் சேர்த்துப் பார்க்கின்றன, அதனால் வித்தியாசம் ஓரளவு பிடிபடுகிறது. முழுதாகப் பிடிபடுவதில்லை.

“30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்” என்று எல்லோரும் சொல்வது கைப்பக்குவக் கணக்குதான். 29இல் சொர்க்கமும் 31இல் நரகமும் இல்லை. ஏற ஏற இறக்கும், லிமிட்டை நெருங்கும்போது கடுமையாக இறக்கும். நம் ஆள் ஜூன் 10ஆம் தேதியே 30,000 ரூபாயைப் புரட்டிக் கட்டியிருந்தால் ஸ்டேட்மென்டில் 12,000தான் வந்திருக்கும். அது 20 சதவீதம். கட்டிய மொத்தப் பணம் அதேதான், தேதி மட்டும் வேறு. 15ஆம் தேதி பாக்கியை அனுப்புவதா, ஸ்டேட்மென்ட் தொகையையே அனுப்புவதா என்பதில் கார்டு நிறுவனங்களின் வழக்கம் ஒன்றுபோல இருப்பதில்லை. அதனால் ஸ்டேட்மென்டுக்கு முன்பே கட்டுவதுதான் இரண்டுக்கும் பொருந்தும்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறும் உண்டு. கடன் வேண்டாம் என்று நல்லெண்ணத்தோடு, பயன்படுத்தாத இரண்டாவது கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு 40,000 லிமிட் இருந்தது என்று வைப்போம். இரண்டு கார்டும் இருந்தபோது 42,000 என்பது ஒரு லட்சத்தில் 42 சதவீதம். ஒன்றை மூடியதும் அதே செலவு 70 சதவீதம். ஆண்டுக் கட்டணம் இல்லாத பழைய கார்டாக இருந்தால் சும்மா கிடக்கட்டும் என்று விடுவதே லாபம். 590 ரூபாய் வகையறா என்றால் மூடிவிடுவதே நிம்மதி.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறவர் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. அவருடைய நாள் கட்டத்தில் 000 என்றே ஓடும். ஆனால் வட்டி ஏறி, பாக்கி லிமிட்டை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வரிசை சுத்தம், இன்னொரு வரிசை சிவப்பு. ஸ்கோர் மெல்லச் சரியும். ஏன் என்று அவருக்கே விளங்காது.

இரண்டு இழுப்புக்கும் ஞாபகசக்தி ஒன்றல்ல. அதிகப் பயன்பாட்டைக் கட்டி இறக்கினால் அடுத்த ஓரிரு படங்களிலேயே நிலை பெரும்பாலும் தெளியும். தாமதக் கட்டங்கள் அப்படி மறையாது, அறிக்கை 36 மாதத்தைக் காட்டும். புதிய கறை அதிகம் வலிக்கும், பழையது குறைவாக வலிக்கும் என்பது மட்டும்தான் ஆறுதல். பேரம் பேசி ஒரு பகுதியைக் கட்டி முடித்தால் கடன் தொல்லை தீரும். ஆனால் கணக்கின் நிலையில் ‘செட்டில்டு’ என்ற சொல் உட்கார்ந்துகொள்ளும். வங்கிக்காரர் காதில் அதற்கு முழுசாகக் கட்டவில்லை என்று பொருள்.

ஸ்கோர் மீண்டுவிட்டாலும் வரிசை பேசும் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கு உண்டு. பாரத ஸ்டேட் வங்கி 2020ஆம் ஆண்டு அறிவித்த அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, கடன், கார்டு பாக்கிகள் பற்றிய சிபில் பதிவைக் காட்டி 2021 ஏப்ரலில் வங்கி ரத்துசெய்தது. அறிவிப்பு வருவதற்கு முன்பே எல்லாக் கடனையும் அடைத்துவிட்டேன் என்பது அவர் வாதம். திருப்பிச் செலுத்துவதில் தவறிய வரலாறே கூடாது என்பதுதான் நிபந்தனை என்று வங்கி சொன்னது. 2025 ஜூனில் நீதிமன்றம் வங்கியின் முடிவைச் சரி என்றது. கடன் கொடுக்கப் பார்க்கும் பதிவை வேலை கொடுக்கவும் பார்ப்பது எனக்கு நெருடலாகத்தான் இருக்கிறது. ஓராண்டுக்குள் தவணை தவறுமா என்று ஊகிக்கத் திரட்டிய தகவல் அது, ஒரு மனிதனின் நேர்மையை அளக்கத் திரட்டியதல்ல. ஆனால் விளம்பரத்திலேயே நிபந்தனை இருந்தது என்பதை மறுக்க முடியாது.

கட்டங்கள் தவறாகவும் இருக்கலாம். கட்டிய கடன் முடியாததாகக் காட்டும், அதே பெயருள்ள வேறொருவரின் கடன் நம்மேல் ஏறியிருக்கும். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற விதி 2017 முதல் இருக்கிறது. பிழை கண்டு புகார் கொடுத்தால் தகவல் நிறுவனம் தானாக அழித்துவிட முடியாது, கடன் கொடுத்தவரிடம் கேட்டுத்தான் திருத்தும். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை. தவறான கட்டத்தைத்தான் இந்த வழி திருத்தும். 026 என்பது உண்மையாக இருந்தால் புகாரால் அழியாது. “சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்” என்று பணம் கேட்கிறவர்களால் செய்ய முடிந்தது, நாமே இலவசமாகக் கொடுக்கக்கூடிய அந்தப் புகாரைத்தான்.

நம் மெஷின்காரர் இப்போது சம்பளம் வந்ததுமே அடுத்த மாதத் தவணைக்கான 3,240 ரூபாயை எடுத்து, தவணை பிடிக்கும் கணக்கில் தொடாமல் போட்டுவைக்கிறார். 5ஆம் தேதி பவுன்ஸ் நின்றுவிட்டது. கடன் 2027 ஜூனில் முடியும். முடிந்த கடனின் வரிசை மேற்கொண்டு நகராது, கடைசியாக அனுப்பிய 36 மாதத்தோடு அப்படியே நின்றுவிடும். 2028இல் அவர் வீட்டுக் கடனுக்குப் போய் உட்காரும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் திரையை உருட்டுகிறவர் மூடிய கணக்குகளுக்குக் கீழே வந்ததும் ஒரு நொடி நிறுத்துவார். மார்ச் 2025 முதல் செப்டம்பர் 2025 வரை. “அப்ப என்ன சார் ஆச்சு?” என்று கேட்பார்.